பிடிஎஃப் பக்க ஓரங்களை நறுக்கும்போது நடப்பது என்ன?

ஏ4 தாளுக்காக அமைத்த பிடிஎஃப் ஒன்றைக் கைபேசியில் திறந்தால், திரையில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளையாகவே தெரியும். எழுத்து எறும்பளவு இருக்கும். ஓரத்தை நறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நறுக்கும் கருவி எதையாவது தேடி எடுத்துப் பயன்படுத்துகிறோம். அதற்கப்புறம்தான் குழப்பம் வருகிறது. பாதியை வெட்டியும் கோப்பின் அளவு குறையவில்லை. பக்கத்துக்குப் பக்கம் எழுத்தின் அளவு மாறுகிறது. வெட்டி எறிந்ததாக நினைத்த வரி, வேறொரு மென்பொருளில் திறந்தால் அப்படியே இருக்கிறது. பொருளடக்கத்தில் தொட்டால் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை.

இவையெல்லாம் தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும் வேர் இரண்டுதான். பிடிஎஃப்பில் பக்கத்தின் எல்லை எப்படிக் குறிக்கப்படுகிறது என்பது ஒன்று. அச்சு எங்கே முடிகிறது என்பதைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது மற்றொன்று.

## தாள் ஒன்று, ஜன்னல் ஒன்று

பிடிஎஃப் பக்கம் ஒவ்வொன்றிலும் அதன் நீள அகலத்தைச் சொல்லும் பெட்டிகள் உண்டு. நமக்கு இரண்டு போதும்.

1. `MediaBox` என்பது தாள். எழுத்தும் படமும் இதன் மீதுதான் வைக்கப்படுகின்றன. எல்லாப் பக்கத்துக்கும் இது கட்டாயம்.
2. `CropBox` என்பது அந்தத் தாளின் மேல் வைத்த ஜன்னல். படிக்கும் மென்பொருள் இந்த ஜன்னல் வழியே தெரிவதை மட்டும் காட்டும். இது குறிப்பிடப்படவில்லை என்றால் தாள் முழுவதுமே ஜன்னல்.

`TrimBox`, `BleedBox`, `ArtBox` என்று இன்னும் மூன்று உண்டு. அவை அச்சகத்துக்கானவை, திரையில் படிப்பவருக்கு அவற்றால் வேலையில்லை.

பெட்டியின் அளவு பாயின்ட்டில் சொல்லப்படும். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஏ4 தாள் 595 பாயின்ட் அகலமும் 842 பாயின்ட் உயரமும் கொண்டது. கணக்கு வழக்கமாகத் தாளின் கீழ் இடது மூலையிலிருந்து தொடங்கும். நான்கு எண்கள்: இடம், கீழ், வலம், மேல். மேலிருந்து கீழே எண்ணிப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மேல்பக்கத்தை நறுக்குவதாக நினைத்து அடிப்பக்கத்தை நறுக்கிவிடுவார்கள்.

ஆக, ஓரம் நறுக்குவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் `CropBox`-இல் நான்கு எண்களை மாற்றுவதுதான். தாள் அப்படியே இருக்கிறது, ஜன்னல் சிறிதாகிறது. கோப்பின் அளவு ஏன் குறையவில்லை என்பதற்கு விடை இதுவே. கோப்பில் இடம் பிடிப்பவை எழுத்துருக்களும் படங்களும். வெள்ளை ஓரம் என்று எதுவும் அதில் சேமிக்கப்படவே இல்லை, எடுத்தெறிய அங்கே ஒன்றும் கிடையாது.

## நறுக்கினால் எவ்வளவு மிச்சம்?

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை பின்தொடர்வோம். ஆய்வுக் கட்டுரைகள் பலவும் லேடெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுதப்படுகின்றன. அதில் `article` என்ற இயல்பான வடிவத்தை 10 பாயின்ட் எழுத்தில், ஏ4 தாளில் எடுத்தால், வரியின் நீளம் சுமார் 344 பாயின்ட் மட்டுமே. 595-இல் 344 போனால் 251 பாயின்ட், அதாவது தாளின் அகலத்தில் 42 விழுக்காடு வெற்றிடம். வரி நீண்டால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். தாளில் அது நல்ல ஏற்பாடு. கைபேசியில் அதுவே தொல்லை.

கைபேசித் திரையின் அகலம் 68 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். முழுத் தாளையும் அடக்கினால் 10 பாயின்ட் எழுத்து 3.2 பாயின்ட்டாகச் சுருங்குகிறது. ஜன்னலை 370 பாயின்ட்டாக, அதாவது 130 மில்லிமீட்டராகக் குறைத்தால் அதே எழுத்து 5.2 பாயின்ட் ஆகிறது. இது இன்னும் சிறிதுதான். ஆனால் கைபேசியைக் குறுக்காகத் திருப்பி 140 மில்லிமீட்டர் அகலம் கிடைத்தால், நறுக்காத பக்கத்தில் 6.7 பாயின்ட்டாக இருக்கும் எழுத்து நறுக்கிய பக்கத்தில் 10.7 பாயின்ட் ஆகிறது. அச்சிட்ட தாளில் இருப்பதைவிடப் பெரிது. நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் நறுக்குவதால் மட்டும் சிரமம் தீராது. நறுக்குவதும் திருப்புவதும் சேர வேண்டும்.

## அச்சு எங்கே முடிகிறது?

அடுத்தது, எவ்வளவு நறுக்கலாம் என்ற கேள்வி. பக்கத்தில் மை படும் இடம் எல்லாவற்றையும் உள்ளடக்கும் மிகச் சிறிய செவ்வகத்துக்கு எல்லைப் பெட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இதைக் கணக்கிட்டுச் சொல்லும்.

```
gs -q -dBATCH -dNOPAUSE -sDEVICE=bbox katturai.pdf
```

பக்கத்துக்கு இரண்டு வரி விடை வரும். முழு எண்ணில் ஒன்று, தசமத்தோடு ஒன்று. நம் எடுத்துக்காட்டுக் கட்டுரை, ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளத்திலிருந்து இறக்கியது என்று கொண்டால், முழு எண் வரிகளில் சில இப்படி இருக்கும்:

```
%%BoundingBox: 16 90 470 674
%%BoundingBox: 125 90 470 716
%%BoundingBox: 125 90 483 716
%%BoundingBox: 125 90 470 716
%%BoundingBox: 292 90 303 97
```

இந்த ஐந்து வரியையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். தானாக நறுக்கும் கருவிகள் சறுக்கும் இடங்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

1. முதல் பக்கத்தில் இடது எல்லை 16. மற்ற பக்கங்களில் 125. ஆர்க்கைவ் தளம் முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் கட்டுரை எண்ணையும் தேதியையும் செங்குத்தாக அச்சிடுகிறது. அந்த ஒற்றை வரி இடப்பக்க ஓரம் முழுவதையும் அச்சுப் பகுதி என்று கணக்கில் சேர்த்துவிடுகிறது.
2. இரண்டாம், நான்காம் பக்கங்கள் இயல்பானவை. கட்டுரையின் உண்மையான உருவம் இவற்றில்தான் தெரிகிறது. கீழ் எல்லை 90 என்று வருவது பக்க எண்ணால். வாசகம் 120 வாக்கிலேயே முடிந்துவிடுகிறது.
3. மூன்றாம் பக்கத்தில் வலது எல்லை 483. நீளமான சமன்பாடு ஒன்று வரியைத் தாண்டி 13 பாயின்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இதை வெட்டினால் சமன்பாட்டின் கடைசிக் குறி போய்விடும், பொருளே மாறிவிடலாம்.
4. கடைசி வரிக்குரிய பக்கத்தில் பக்க எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. 11 பாயின்ட் அகலம், 7 பாயின்ட் உயரம். இந்த அளவுக்கு நறுக்கிவிட்டால், படிக்கும் மென்பொருள் அதைத் திரை அகலத்துக்கு விரிக்கும். திரை முழுக்க இரண்டு இலக்கம் மட்டும் மலைபோல் நிற்கும்.

ஒரு பக்கத்தில் எதுவுமே அச்சாகவில்லை என்றால் நான்கு எண்ணும் 0 என்று வரும். நல்ல கருவிகள் அந்தப் பக்கத்தைத் தொடாமல் முழு அளவில் விட்டுவிடும்.

## எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஜன்னல்

ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் எல்லைப் பெட்டிக்கு நறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே உள்ள பட்டியலே பதில். முதல் பக்கத்தின் அகலம் 454, இரண்டாவது 345, மூன்றாவது 358, கடைசி வரிக்குரியது 11. திரை அகலத்துக்குப் பொருத்திப் படிக்கும்போது பக்கம் திருப்பத் திருப்ப எழுத்து பெரிதும் சிறிதுமாகத் துள்ளும். இரண்டு பக்கம் படிப்பதற்குள் கண் வலிக்கும். தொடர்ந்து படிக்கும் ஆவணத்துக்கு இந்த முறை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. படத்தையோ வரைபடத்தையோ தனியாக எடுத்து வேறு ஆவணத்தில் ஒட்டுவதற்குத்தான் இது பொருந்தும்.

எல்லாப் பக்கத்தையும் உள்ளடக்கும் ஒரே பெட்டி என்றால்? இடது எல்லைக்கு 16 வந்து நிற்கும். ஒரு முத்திரை வரிக்காக முழுக் கட்டுரையிலும் 109 பாயின்ட் வீணாகும்.

எனவே நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான்கு எல்லையையும் தனித்தனியாக எடுத்து, எண்களை வரிசைப்படுத்தி, விலகி நிற்பதைப் பார்த்து, அது தேவையானதா இல்லையா என்று கேட்க வேண்டும். இடது எல்லையில் விலகி நிற்பது முத்திரை. அதைப் படிக்க வேண்டியதில்லை, விட்டுவிடலாம். வலது எல்லையில் விலகி நிற்பது சமன்பாடு, அது வேண்டும். ஆக இடம் 125, கீழ் 90, வலம் 483, மேல் 716. சுற்றிலும் 6 பாயின்ட் மூச்சுவிட இடம் சேர்த்தால் 119, 84, 489, 722. அகலம் 370. முன் பகுதியில் எழுத்தின் அளவைக் கணக்கிட்டது இந்த எண்ணை வைத்துத்தான்.

அந்த 6 பாயின்ட் ஏன்? எழுத்து திரையின் விளிம்பை ஒட்டி நின்றால் முதல் எழுத்தைப் படிக்கக் கண் சிரமப்படும். கைபேசியின் வளைந்த மூலையிலும் உறையின் விளிம்பிலும் எழுத்து மறைந்துபோகும். 2 மில்லிமீட்டர் விட்டால் அந்தத் தொல்லை இல்லை.

## எண்களைக் கோப்பில் ஏற்றுவது

இதற்கு இரண்டு வழி. விளைவு வேறு வேறு.

லேடெக்கோடு சேர்ந்து வரும் `pdfcrop` முதல் வழி. இது பழைய பக்கத்தை ஒரு படம்போல எடுத்து, அளவான புதிய பக்கத்தில் வைத்து, புதிய பிடிஎஃப்பையே உருவாக்குகிறது. இப்படிப் புதிதாகச் செய்வதால் பொருளடக்கத் தொடுப்பு, புத்தகக் குறி, ஓரத்தில் எழுதிய குறிப்பு எல்லாம் விடுபட்டுப்போகும். தொட்டால் போகவில்லை என்ற புகார் வருவது இங்கிருந்துதான்.

இரண்டாவது வழி, பழைய கோப்பை அப்படியே வைத்து `CropBox`-ஐ மட்டும் மாற்றுவது. பைத்தானில் `pypdf` நூலகம் இருந்தால் சில வரிகள் போதும்.

```python
from pypdf import PdfWriter
from pypdf.generic import RectangleObject

w = PdfWriter(clone_from="katturai.pdf")
for p in w.pages:
    p.cropbox = RectangleObject((119, 84, 489, 722))
w.write("katturai-crop.pdf")
```

தாள் மாறாததால் தொடுப்புகள் சுட்டும் இடங்களும் மாறுவதில்லை. பிடிக்காவிட்டால் திரும்பவும் பழைய எண்களைப் போட்டு முழுப் பக்கத்தையும் மீட்கலாம். படிப்பதற்கு நான் பரிந்துரைப்பது இதையே.

ஓர் எச்சரிக்கை உண்டு. சில பக்கங்களில், குறிப்பாக அகலமான அட்டவணை உள்ளவற்றில், `Rotate` என்ற குறிப்பு இருக்கும். தாளை நிமிர்த்தி வைத்துவிட்டு, காட்டும்போது 90 பாகை திருப்பு என்பது அதன் பொருள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் திருப்பிய பிறகு அளக்கிறது. `CropBox`-ஓ திருப்பாத தாளின் மீது பதிகிறது. நறுக்கிய பிறகு அட்டவணையின் ஒரு பக்கம் காணாமல் போய் எதிர்ப்பக்கத்தில் வெள்ளை மிஞ்சி நின்றால் காரணம் இதுதான் என்று சந்தேகிக்கலாம். அந்தப் பக்கங்களைத் தனியாக அளந்து செய்ய வேண்டும்.

கட்டளை எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கு பிரிஸ் என்ற இலவச மென்பொருள் நல்லது. அது பக்கங்களை ஒன்றின் மேல் ஒன்றாக மங்கலாக அடுக்கி ஒரே படமாகக் காட்டும். விலகி நிற்கும் வரி எங்கே என்பது கண்ணுக்கே தெரியும். அதன் மேல் சுட்டியால் செவ்வகம் இழுத்தால் போதும். வெறுமனே படிக்க மட்டும் வேண்டும், கோப்பை மாற்ற வேண்டாம் என்றால், ஓக்குலரில் `View > Trim View`, சுமத்ரா பிடிஎஃப்பில் `Fit Content`, கேஓரீடரில் பக்க நறுக்கு வசதி ஆகியவை திரையில் மட்டும் ஓரத்தை மறைத்துக் காட்டும்.

## ஸ்கேன் செய்த புத்தகம் வேறு கதை

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், noolaham.org போன்ற தளங்களில் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்தவை. மேலே சொன்ன `bbox` கட்டளையை இவற்றில் ஓட்டினால் பக்கத்தின் முழு அளவே விடையாக வரும். கருவியில் பிழையில்லை. ஸ்கேன் பக்கம் என்பது தாள் முழுவதையும் மூடிய ஒரே புகைப்படம். அதில் பழுப்பேறிய தாளும் படம்தான், எழுத்தும் படம்தான். எழுத்து எங்கே முடிகிறது என்று கோப்பின் கட்டமைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தின் பிக்சல்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச அளவு உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. பழைய தாளின் பழுப்பு 200 வாக்கிலும் மை 60 வாக்கிலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 150-க்குக் கீழே உள்ளது மட்டுமே மை என்று ஒரு கோடு போட வேண்டும். கோட்டை 220-இல் வைத்தால் தாளே மை ஆகிவிடும், எதுவும் நறுக்கப்படாது. மிகவும் கீழே இறக்கினால் மங்கிய எழுத்து தாளோடு சேர்ந்துவிடும், ஓரத்தில் மங்கலாக அச்சான வரியின் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். `pdf-crop-margins` என்ற கருவி பக்கத்தைப் படமாக மாற்றி இப்படித்தான் அளக்கிறது. `-t` என்று கொடுத்து இந்தக் கோட்டை மாற்றலாம்.

```
pdf-crop-margins -e -u -s nool.pdf
```

இதில் `-u` எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவு நறுக்கச் சொல்கிறது. `-s` பக்கங்களை ஒரே அளவுள்ளவையாகக் கருதச் சொல்கிறது. `-e` சேரும்போது மேல் கீழ் ஓரங்கள் மட்டும் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும், இட வல ஓரங்கள் ஒற்றைப்படைப் பக்கங்களுக்கும் இரட்டைப்படைப் பக்கங்களுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். புத்தகத்துக்கு இந்த `-e` மிக முக்கியம். கட்டுமானத்துக்காக உள்பக்க ஓரம் ஒரு பக்கத்தில் இடப்புறமும் அடுத்த பக்கத்தில் வலப்புறமும் வரும். இரண்டுக்கும் ஒரே ஜன்னல் வைத்தால், ஒன்று வெள்ளை மிஞ்சும், இல்லையென்றால் ஒன்றுவிட்ட பக்கங்களில் எழுத்து வெட்டுப்படும்.

நறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று:

1. சாய்வு. 200 மில்லிமீட்டர் உயரப் பக்கம் 1 பாகை சாய்ந்திருந்தால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே ஓரம் 3.5 மில்லிமீட்டர் நகர்கிறது. பக்கங்கள் வலமும் இடமும் மாறி மாறிச் சாய்ந்திருந்தால் நறுக்க இடமே மிஞ்சாது. முதலில் நிமிர்த்த வேண்டும். ஸ்கேன் டெய்லர் அதற்கான மென்பொருள்.
2. கறுப்பு விளிம்பு. ஸ்கேனரின் மூடி சரியாகப் படியாததால் பக்கத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். கருவி அதை மை என்று எண்ணி அதற்கு வெளியே எல்லை போடும்.
3. தூசி. 300 டிபிஐ ஸ்கேனில் ஓரத்தில் விழுந்த ஒரு தூசிப் புள்ளி மூன்று நான்கு பிக்சல்தான். ஆனால் எல்லையை இழுத்துச் செல்ல அதுவே போதும். எழுத்து உள்ள நெடுக்கில் கறுப்புப் பிக்சல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், தூசி உள்ள நெடுக்கில் விரல்விட்டு எண்ணலாம். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நல்ல கருவிகள் தூசியை ஒதுக்குகின்றன.

ஒன்று சொல்ல வேண்டும். பழைய நூல்களின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய குறிப்போ நூலக முத்திரையோ இருக்கலாம். படிப்பதற்கான பிரதியை நறுக்கிக்கொள்ளுங்கள். ஆவணக் காப்புக்கான மூலக் கோப்பைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்த ஓரக்குறிப்பு அடுத்த ஆய்வாளருக்கு நூலைவிட மதிப்புள்ளதாக இருக்கக்கூடும்.

## நறுக்கியது மறைந்துவிடவில்லை

கவலை தரும் பகுதி இதுதான். வங்கி அறிக்கையில் மேலே இருக்கும் முகவரியையும் கணக்கு எண்ணையும் நறுக்கிவிட்டு, கீழே உள்ள பட்டியலை மட்டும் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வையுங்கள். அனுப்பியவரின் திரையில் முகவரி தெரியாது. ஆனால் கோப்பில் அது ஜன்னலுக்கு வெளியே, அதே தாளில், முழுதாக இருக்கிறது. பெறுபவர் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். பக்கத்தைப் படமாக மாற்றும் சில கருவிகள் `CropBox`-ஐப் பார்க்காமல் `MediaBox`-ஐயே எடுத்துக்கொள்ளும். கோஸ்ட்ஸ்கிரிப்டில் `-dUseCropBox` என்று தனியாகச் சொன்னால்தான் ஜன்னலை மதிக்கும். அதாவது பெறுபவர் எதையும் தேடாமலேயே மறைத்தது வெளிப்பட்டுவிடலாம்.

உங்கள் கோப்பின் முதல் பக்கத்தின் நிலை என்ன என்று பார்க்க ஒரு கட்டளை போதும்.

```
pdfinfo -box arikkai.pdf
```

விடையில் இந்த இரண்டு வரியைத் தேடுங்கள்:

```
MediaBox:            0.00     0.00   595.00   842.00
CropBox:            40.00    60.00   555.00   600.00
```

இரண்டும் வேறுபட்டால், வேறுபடும் அளவுக்குத் தாள் மறைந்திருக்கிறது என்று பொருள். இங்கே மேலே 242 பாயின்ட், ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர், ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆபத்தில்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. `pdfcrop`-இல் நாமே `--bbox` கொடுத்து நறுக்கினால் புதிய தாள் சிறிதாகத் தெரியும். ஆனால் பழைய பக்கத்தின் வாசகம் முழுவதும் உள்ளே பொதிந்தே இருக்கும்.

உண்மையாகவே நீக்க வேண்டும் என்றால் அழிப்பதற்கென்றே உள்ள ரெடாக்‌ஷன் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அது இல்லாத இடத்தில், ஜன்னலுக்குள் தெரிவதை மட்டும் படமாக மாற்றி, அந்தப் படத்தை அனுப்பலாம்.

```
pdftoppm -cropbox -r 200 -png arikkai.pdf pakkam
```

இதில் `-cropbox` விடுபட்டால் முழுத் தாளும் படமாகிவிடும், முகவரியோடு. அனுப்பும் முன் `pakkam` என்று தொடங்கும் படங்கள் ஒவ்வொன்றையும் திறந்து மேல் ஓரத்தைப் பார்த்துவிடுங்கள். படத்தில் தேடவோ வரியை நகலெடுக்கவோ முடியாது. கணக்கு எண் போகாமல் இருப்பதற்கு அந்த வசதியை விட்டுக்கொடுக்கலாம்.